ரோபோ அட்வைசரா, மனித ஆலோசகரா? மூன்று லட்சம் வைத்திருப்பவருக்கு எது கட்டுப்படியாகும்?

வயது என்ன, மாதச் சம்பளம் எவ்வளவு, பணம் எத்தனை வருடம் கழித்து வேண்டும், சந்தை 20 சதவிகிதம் விழுந்தால் என்ன செய்வீர்கள்? இப்படி எட்டு, பத்துக் கேள்விகள். பதில்களைத் தட்டி முடித்த மறுநிமிடமே "உங்களுடைய ரிஸ்க் தன்மை: அக்ரஸிவ்" என்று திரையில் வந்துவிடும். கூடவே பங்குச் சந்தைக்கு 80 சதவிகிதம், கடன் பத்திரங்களுக்கு 15, தங்கத்துக்கு 5 என்று ஒரு வட்டப் படம். கீழே நான்கு மியூச்சுவல் ஃபண்டுகளின் பெயர். அதற்கும் கீழே 'இன்வெஸ்ட்' பட்டன். இதைத்தான் 'ரோபோ அட்வைசர்' என்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்த வகைச் சேவை 2010 வாக்கில் சூடுபிடித்தது. இங்கே ஸ்மார்ட்போனும் யூபிஐயும் வந்த பிறகு பரவியது. வேலைக்குச் சேர்ந்து மூன்று, நான்கு வருடம் ஆனவர்கள் பலருக்கும் முதல் முதலீட்டு ஆலோசனை இப்படித்தான் கிடைக்கிறது. "எதுக்கு ஒரு ஆளுக்குப் பத்தாயிரம் ஃபீஸ் குடுக்கணும்? ஆப்தான் ஃப்ரீயா சொல்லுதே" என்ற கேள்வியும் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இதற்குப் பதில் ஃபீஸில் மட்டும் இல்லை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். சென்னை ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண். கைக்கு வரும் சம்பளம் 52,000 ரூபாய். பேங்க் மூலமாக வாங்கிய இரண்டு மியூச்சுவல் ஃபண்டுகளில் 2 லட்சம், சேமிப்புக் கணக்கில் 1 லட்சம், ஆக மொத்தம் 3 லட்சம். மாதம் 8,000 ரூபாய் எஸ்ஐபி போட முடியும். இவர் ஆப்பை நம்பலாமா, ஆளைத் தேட வேண்டுமா?

கையில் இருப்பது ஆலோசகரா, கடையா?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நம் போனில் இருக்கும் முதலீட்டு ஆப்கள் எல்லாமே ஆலோசகர்கள் இல்லை. சட்டப்படி அவற்றில் மூன்று ரகம் உண்டு.

ஒன்று, வாங்கவும் விற்கவும் மட்டும் வழி செய்து தருபவை. கமிஷன் இல்லாத 'டைரக்ட்' ஃபண்டுகளை இப்படி விற்கும் தளங்களுக்கு என்று செபி 2023-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது. இந்த ரகத்தில் வரும் தளம் முதலீட்டு ஆலோசனை சொல்லக் கூடாது. ஆனால் 'டாப் ரேட்டட்', 'இந்த மாதம் அதிகம் வாங்கப்பட்டவை' என்று பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். பார்ப்பவருக்கு அது சிபாரிசு மாதிரியே தெரியும். சூப்பர் மார்க்கெட்டில் கண்ணுக்கு நேராக அடுக்கி வைத்திருக்கும் பிஸ்கட் பாக்கெட்டை யாரும் டாக்டர் எழுதிக் கொடுத்ததாக நினைப்பதில்லை. ஃபண்ட் விஷயத்தில் மட்டும் அந்தக் குழப்பம் வந்துவிடுகிறது.

இரண்டாவது ரகம், விநியோகஸ்தர். ஆம்ஃபியில் பதிவு செய்து ARN என்று தொடங்கும் எண் வைத்திருப்பவர். ஆப்பாகவும் இருக்கலாம், தெருமுனையில் எல்ஐசி பாலிசியும் சேர்த்துப் போடும் அண்ணனாகவும் இருக்கலாம். இவர் வாடிக்கையாளரிடம் ஃபீஸ் கேட்பதில்லை. ஃபண்ட் நிறுவனம் 'ரெகுலர்' பிளானில் இருந்து வருடா வருடம் இவருக்குக் கமிஷன் தருகிறது.

மூன்றாவதுதான் உண்மையான ஆலோசகர். செபியின் 2013-ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளின்கீழ் பதிவு செய்தவர். INA என்று தொடங்கும் எண் இருக்கும். ஃபீஸை வாடிக்கையாளரிடம் வாங்குவார், அதே வாடிக்கையாளரை வைத்து ஃபண்ட் நிறுவனத்திடம் கமிஷன் வாங்கக் கூடாது. கம்ப்யூட்டர் புரோகிராமை வைத்து ஆலோசனை சொன்னாலும், அது அந்த ஆளுக்குப் பொருத்தமானதா என்ற பொறுப்பு பதிவு செய்த நிறுவனத்தின் தலையில்தான். "அல்காரிதம் அப்படிச் சொல்லிடுச்சு" என்று கைகழுவ முடியாது.

தன்னிடம் இருப்பது எந்த ரகம் என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒருவரது எல்லா ஃபண்டுகளையும் ஒரே தாளில் காட்டும் ஒருங்கிணைந்த அறிக்கை மெயிலில் வரும். ஒவ்வொரு ஃபண்டின் பக்கத்திலும் ஆலோசகர் என்ற இடத்தில் ARN எண்ணோ, INA எண்ணோ, DIRECT என்ற வார்த்தையோ இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் அறிக்கையில், விநியோகஸ்தருக்கு எத்தனை ரூபாய் கமிஷன் போனது என்பதையும் போட்டிருப்பார்கள். பெரும்பாலானோர் அந்த பிடிஎஃபைத் திறப்பதே இல்லை. பாஸ்வேர்டு பான் நம்பர்தானா என்று யோசிப்பதற்குள் அடுத்த மெயில் வந்துவிடுகிறது.

ஓஎம்ஆர் பெண்ணின் அறிக்கையில் இருப்பது பேங்கின் ARN எண். அதாவது, அவர் 'ரெகுலர்' பிளானில் இருக்கிறார்.

செலவுக் கணக்கு

பங்குச் சந்தை ஃபண்டுகளில் ரெகுலர் பிளானுக்கும் டைரக்ட் பிளானுக்கும் செலவு வித்தியாசம் ஃபண்டைப் பொறுத்து மாறும். கணக்குக்கு ஒரு சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சத்துக்கு அது வருடம் 2,000 ரூபாய். இன்றைக்குப் பெரிதாக வலிக்காது. ஆனால் மாதம் 8,000 ரூபாய் வீதம் 20 வருடம் போட்டு, ஆண்டுக்கு 12 சதவிகிதம் வளர்ந்தால் கிடைப்பது சுமார் 79 லட்சம். அதே பணம் 11 சதவிகிதத்தில் வளர்ந்தால் சுமார் 69 லட்சம். 12 சதவிகிதம் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, இது வித்தியாசத்தைக் காட்ட மட்டுமே. அந்த ஒரு சதவிகிதத்தின் விலை கடைசியில் பத்து லட்சம்.

இந்த இடத்தில் டைரக்ட் பிளான் தரும் ஆப் ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை.

இப்போது ஃபீஸ் வாங்கும் ஆலோசகரைப் பார்ப்போம். செபி இரண்டு வழிகளை அனுமதிக்கிறது. நிர்வகிக்க ஆலோசனை சொல்லும் சொத்தில் சதவிகிதமாக வாங்கினால் வருடத்துக்கு அதிகபட்சம் 2.5 சதவிகிதம். நிலையான தொகையாக வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு வருடம் அதிகபட்சம் 1,51,000 ரூபாய். இவை உச்ச வரம்புகள்தான், நடைமுறையில் பலர் இதைவிடக் குறைவாகவே வாங்குகிறார்கள்.

ஒரு முழுத் திட்டம் போட்டுத் தர ஒருவர் 10,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சம் வைத்திருப்பவருக்கு அது மூன்றில் ஒரு சதவிகிதம். 3 லட்சம் வைத்திருப்பவருக்கு 3.3 சதவிகிதம். ஒரு நல்ல வருடத்தின் லாபத்தில் கால் பங்குக்கு மேல் அப்படியே போய்விடும். ஆலோசகர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: 3 லட்சமோ 30 லட்சமோ, உட்கார்ந்து பேசும் நேரம் ஒன்றுதான். அதனால்தான் சின்னத் தொகைக்காரர்களைப் பலர் தவிர்க்கிறார்கள். பதிவு பெற்ற ஆலோசகர்களும் அதிகம் இல்லை. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்கள் லட்சத்தைத் தாண்டி இருக்கும் நாட்டில், செபி ஆலோசகர்களின் எண்ணிக்கை சில ஆண்டுகளாக ஆயிரத்தை ஒட்டியே நின்றது.

ஆக, ஃபண்ட் தேர்வு என்ற ஒரு வேலைக்காக மட்டும் வருடா வருடம் ஆளுக்குக் காசு கொடுப்பது 3 லட்சத்துக்குக் கட்டுப்படியாகாது. ஒரு இண்டெக்ஸ் ஃபண்டும் ஒரு கடன் ஃபண்டும் தேர்வு செய்ய மனித மூளை பெரிதாகத் தேவையும் இல்லை. சரி, அப்போ ஆப் போதுமா?

பத்துக் கேள்வியில் வராதது

அந்தப் பெண்ணின் கதையில் இன்னும் சொல்லாத மூன்று விஷயங்கள் இருக்கின்றன. கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய் பாக்கி, மாதா மாதம் மினிமம் மட்டும் கட்டி வருகிறார். அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை நோய், தனியாக மருத்துவக் காப்பீடு இல்லை. ஒன்றரை வருடத்தில் வீடு மாற வேண்டும், அட்வான்ஸுக்கு ஒன்றரை லட்சமாவது வேண்டும்.

ஆப் இதையெல்லாம் கேட்கவில்லை. வயது 27, கால அவகாசம் 'பத்து வருடத்துக்கு மேல்', சந்தை விழுந்தால் 'இன்னும் வாங்குவேன்'. இந்தப் பதில்களுக்கு 80 சதவிகிதப் பங்குச் சந்தை என்பது சரியான விடைதான். கேட்ட கேள்விக்குப் பதில் சரி, கேள்வித்தாள்தான் பாதி.

ஒரு நல்ல ஆலோசகர் முன்னால் உட்கார்ந்தால் பேச்சு ஃபண்டில் ஆரம்பிக்காது. "கடன் ஏதாவது இருக்காம்மா?" என்றுதான் ஆரம்பிக்கும். பலர் முதலில் இல்லை என்பார்கள். கார்டு பாக்கியை யாரும் கடனாக நினைப்பதில்லை. "கார்டு பில் முழுசா கட்டுறீங்களா?" என்று இரண்டாவது முறை கேட்கும்போதுதான் வெளியே வரும்.

அந்த 60,000 ரூபாயின் கணக்கைப் பாருங்கள். மாதம் 3.5 சதவிகித வட்டி என்றால் 2,100 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவிகித ஜிஎஸ்டி 378 ரூபாய். மாதம் 2,478, வருடத்துக்குக் கிட்டத்தட்ட 29,700 ரூபாய். ரெகுலர் பிளான் கமிஷனாகப் போகும் 2,000 ரூபாயைப் போலப் பதினைந்து மடங்கு. சேமிப்புக் கணக்கில் ஒரு லட்சத்தை மூன்று சதவிகிதத்துக்கும் குறைவான வட்டியில் தூங்க விட்டு, இன்னொரு பக்கம் வருடத்துக்கு 40 சதவிகிதத்துக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். இவருக்கு உலகத்தின் மிகச் சிறந்த ஃபண்டைக் காட்டினாலும் அது தவறான ஆலோசனைதான். முதல் நாளே 60,000 ரூபாயை எடுத்து கார்டை அடைத்தால், வேறெந்த முதலீடும் தர முடியாத வருமானம் அது.

அடுத்து அப்பாவின் காப்பீடு. "உங்க ஆபீஸ் பாலிசியில பேரன்ட்ஸைச் சேர்க்க முடியுமா, ஹெச்ஆர்கிட்ட கேட்டீங்களா?" என்று ஒரு ஆலோசகர் கேட்பார். சேர்க்க முடிந்தால் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் உடனே கவர் கிடைக்கும், ஆனால் வேலை மாறினால் அது போய்விடும். தனியாக எடுக்கும் பாலிசியில், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். அதனால் இன்று ஆபீஸ் பாலிசியில் சேர்த்துவிட்டு, தனிப் பாலிசியின் மூன்று வருடக் கடிகாரத்தையும் இப்போதே ஓட விடுவதுதான் விவரமான வழி. ஒரு ஆஸ்பத்திரி பில் வந்தால் 3 லட்சம் ஒரே வாரத்தில் காலியாகும். அப்போது எந்த ஃபண்ட் வைத்திருந்தார் என்பது விஷயமே இல்லை.

வீட்டு அட்வான்ஸ் பணமும் அப்படித்தான். ஒன்றரை வருடத்தில் தேவைப்படும் பணம் பங்குச் சந்தையில் இருக்கக் கூடாது. ஆப் மொத்தப் பணத்தையும் ஒரே பையாகப் பார்த்து 80 சதவிகிதம் என்றது. சில தளங்கள் இலக்குவாரியாகத் தனித்தனிப் பை போட விடுகின்றன, ஆனால் அந்த இலக்கைப் பயனர்தான் நினைவு வைத்துத் தட்ட வேண்டும். தானாகத் துருவிக் கேட்காது.

ஆள் என்றால் எந்த ஆள்?

இதைப் படித்துவிட்டு நேராகப் பேங்குக்குப் போனால் கதை வேறு மாதிரி ஆகிவிடும். அங்கே உட்கார்ந்திருக்கும் ரிலேஷன்ஷிப் மேனேஜரும் மனிதர்தான், அன்பாகத்தான் பேசுவார். "மேடம், இது டேக்ஸ் சேவிங்கும் ஆச்சு, இன்ஷூரன்ஸும் ஆச்சு, மார்க்கெட் ரிட்டர்னும் ஆச்சு" என்று ஒரு யூலிப் பாலிசியை நீட்டுவார். ஐந்து வருடம் பணம் உள்ளே பூட்டப்படும். புதிய வருமான வரி முறையில் இருப்பவருக்கு 80சி கழிவே கிடையாது என்பதைப் பேச்சில் விட்டுவிடுவார். அவருக்கு மாத டார்கெட் இருக்கிறது. இரண்டு வருடத்தில் வேறு கிளைக்கு மாறிவிடுவார், பாலிசி மட்டும் மாறாது.

ஆப்பையும் மனிதரையும் ஒப்பிடும் கட்டுரைகள் பலவும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. மனித ஆலோசகர் என்றதும் அனுபவமும் அக்கறையும் உள்ள ஒருவரை மனதில் வைத்துக்கொள்கின்றன. நடைமுறையில் ஆரம்பநிலை முதலீட்டாளர் சந்திப்பது பெரும்பாலும் விற்பவரைத்தான். மோசமான மனிதரோடு ஒப்பிட்டால் சுமாரான ஆப் எவ்வளவோ மேல்.

அதற்காக கமிஷன் வாங்கும் எல்லோரையும் ஒரே தராசில் வைப்பதும் சரியில்லை. ஊரில் இருக்கும் ஒரு நல்ல விநியோகஸ்தர், வருடம் 2,000 ரூபாய் கமிஷனுக்கு, போனை எடுத்துப் பேசுகிறார், நாமினி பெயர் சேர்த்தீர்களா என்று கேட்கிறார், பதற்றத்தில் விற்கப் போனவரைத் தடுக்கிறார் என்றால் அந்தக் கமிஷன் வீண் இல்லை. தொகை 20 லட்சம் ஆகும்போது அதே சேவைக்கு வருடம் 20,000 போகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

தடுப்பது என்பது சின்ன வேலை இல்லை. 2020 ஜனவரியில் 42,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 26,000-க்குக் கீழே வந்து நின்றது. அந்த ஒரு நாளில் மட்டும் 13 சதவிகித வீழ்ச்சி. "20 சதவிகிதம் விழுந்தால் இன்னும் வாங்குவேன்" என்று சோபாவில் உட்கார்ந்து தட்டியவர்களுக்கு அன்றுதான் உண்மையான கேள்வித்தாள் வந்தது. சிவப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே 'விற்க' பட்டனும் இருக்கும் திரை அது. சந்தை அந்த வருடம் முடிவதற்குள் பழைய உச்சத்தைத் தாண்டியது, ஆனால் மார்ச்சில் விற்றவருக்கு அதனால் பயன் இல்லை.

ரோபோ என்றால் அதுவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணமும் இங்கே பொருந்தாது. அமெரிக்கத் தளங்கள் வாடிக்கையாளரைக் கேட்காமலே முதலீட்டு விகிதத்தைச் சரிசெய்யும். இந்தியாவில், ஒருவரது பணத்தை அவரைக் கேட்காமல் வாங்கி விற்கும் அதிகாரம் பிஎம்எஸ் என்ற போர்ட்ஃபோலியோ நிர்வாகச் சேவைக்குத்தான் உண்டு. அதற்குக் குறைந்தபட்ச முதலீடு 50 லட்சம். 3 லட்சக்காரரின் ஆப், "விகிதம் மாறிவிட்டது, சரிசெய்யுங்கள்" என்று ஒரு நோட்டிஃபிகேஷன் அனுப்பும். அதை ஸ்விக்கி ஆஃபருக்கும் ஓடிபிக்கும் நடுவே கவனித்து, வரி எவ்வளவு வரும் என்று பார்த்து, பட்டனைத் தட்ட வேண்டியது அவர்தான்.

ஆகவே, ஓஎம்ஆர் பெண்ணின் நிலையில் இருப்பவருக்கு வருடாந்திர ஆலோசகரும் வேண்டாம், வெறும் ஆப்பும் போதாது. நிலையான ஃபீஸ் வாங்கும் INA எண் உள்ள ஆலோசகரிடம் ஒரே ஒரு முறை திட்டம் போட்டுக்கொண்டு, அதன்பிறகு டைரக்ட் பிளான் தரும் ஆப்பில் தானே நடத்துவதுதான் கணக்குக்கு ஒத்துவருகிறது. 10,000 ரூபாய் ஃபீஸை கார்டு வட்டியில் மிச்சமாகும் தொகை நான்கே மாதத்தில், சில நாள் கூட, ஈடுகட்டிவிடும். கல்யாணம், வீட்டுக்கடன், வேலை மாற்றம் என்று ஏதாவது வரும்போது மறுபடி ஒரு முறை போனால் போதும். கார்டு பாக்கி இல்லாமல், ஆபீஸ் பாலிசியில் பெற்றோரும் இருந்து, ஆறு மாதச் செலவுக்குப் பணமும் ஒதுக்கிவிட்டவர் என்றால் அந்த முதல் 10,000-கூட அவசியமில்லை, ஆப்பிலேயே ஆரம்பிக்கலாம்.

ஆலோசகரைப் பார்க்கும் முன் செபி இணையதளத்தில் அவரது பதிவு எண்ணைச் சரிபார்த்துவிட்டு, இரண்டு கேள்வி கேட்டால் ஆள் யார் என்று புரிந்துவிடும். "நீங்க சொல்ற ஃபண்ட் டைரக்ட் பிளானா?" "என்கிட்ட வாங்குற ஃபீஸைத் தவிர வேற யார்கிட்டயாவது உங்களுக்குப் பணம் வருதா?" இரண்டாவதற்கு நேராகப் பதில் வரவில்லை என்றால் எழுந்துவிடலாம்.

அந்தப் பெண்ணின் பணம் பிறகு இப்படி நகரும். ஒரு லட்சத்தில் 60,000 கார்டுக்கு, 10,000 ஃபீஸுக்கு, மீதி 30,000 அவசரத்துக்கு. மாதம் 8,000-ல் 5,000 ஆர்டியிலோ லிக்விட் ஃபண்டிலோ, 3,000 டைரக்ட் இண்டெக்ஸ் ஃபண்டில். பாக்கி அடைந்ததால் மிச்சமாகும் 2,400 சொச்சமும் ஆர்டிக்குப் போனால், 18 மாதத்தில் அங்கே 1,33,000 சேர்ந்திருக்கும். வட்டியும், சம்பள உயர்வில் கொஞ்சமும் சேர்ந்தால் வீட்டு அட்வான்ஸ் ஏறக்குறைய தயார்.

பேங்கில் வாங்கிய 2 லட்சத்தை மட்டும் ஒரே நாளில் டைரக்டுக்கு மாற்றிவிடக் கூடாது. மாற்றுவது என்றாலே விற்று வாங்குவதுதான். எஸ்ஐபியில் ஒவ்வொரு மாதத் தவணைக்கும் தனித்தனி வயது. ஒரு வருடம் ஆகாத யூனிட்டுகளுக்குப் பல ஃபண்டுகள் ஒரு சதவிகிதம் வெளியேறும் கட்டணம் பிடிக்கும், லாபத்துக்கு 20 சதவிகித வரியும் உண்டு. ஒரு வருடம் தாண்டியவற்றில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை. முதலில் வாங்கியது முதலில் விற்கும் கணக்கு என்பதால், பழைய யூனிட்டுகளை இப்போது மாற்றிவிட்டு, ரெகுலர் எஸ்ஐபியை இன்றே நிறுத்தி, மீதியை அவற்றுக்கு ஒரு வயது முடிந்தபிறகு மாற்றினால் கட்டணமும் இல்லை, வரியும் இல்லை.